அத்தியாயம் 7: கறியும் முட்டையும் மட்டும்

ஜிம்முக்குப் போகிற இளைஞர்களிடம் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. சோறு வேண்டாம், காய் வேண்டாம், பழம் வேண்டாம். கறி, மீன், முட்டை, உப்பு, தண்ணீர் மட்டும் போதும். இதற்குக் கார்னிவோர் டயட் என்று பெயர். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஷான் பேக்கர் 2019-இல் இதே பெயரில் ஒரு புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகு காணொளிகள் வழியாக இது உலகம் முழுக்கப் பரவி, வாசுதேவநல்லூர் மாதிரி மேற்கு மலையடிவாரத்து ஊர்களில் இருக்கும் இளைஞர்களின் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பேச்சு முழுக்கப் புதிதல்ல. நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ நூலும் அதைச் சுற்றி உருவான பெரிய வட்டமும், மாவுச்சத்தைக் குறைத்துக் கறியும் முட்டையும் கூட்டும் உணவு முறையை இங்கே பல வீடுகளுக்குக் கொண்டுபோயின. ஆனால் அந்தத் தட்டில் காய்கறி இருந்தது, கீரை இருந்தது, பாதாம் இருந்தது. தொடங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. கார்னிவோர் இதையெல்லாம் துடைத்துவிட்டுக் கறியை மட்டும் மிச்சம் வைக்கிறது. துடைத்த பிறகு உடம்புக்கு என்ன ஆகிறது என்பதை இந்த அத்தியாயத்தில் ஒரு தட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நியூயார்க்கில் நடந்த ஓர் ஆண்டுச் சோதனை

கறி மட்டும் தின்று ஓர் ஆண்டு இருக்க முடியுமா என்ற கேள்விக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில் ஒருமுறை விடை தேடியிருக்கிறார்கள். வடதுருவப் பகுதியில் இன்யூட் மக்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்த வில்ஜால்மூர் ஸ்டெஃபான்ஸன் என்ற பயணி, தன் தோழர் ஒருவரோடு 1928-இல் நியூயார்க்கின் பெல்வ்யூ மருத்துவமனையில் இந்தச் சோதனைக்கு உட்பட்டார். மக்லெல்லன், டுபாய் என்ற இரு மருத்துவர்கள் அதைப் பதிவு செய்து 1930-இல் வெளியிட்டார்கள். இருவரும் நலமாகவே இருந்தார்கள், ஸ்கர்வி வரவில்லை. கார்னிவோர்காரர்கள் இன்றைக்கும் இந்தச் சோதனையைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள்.

அந்த அறிக்கையில் அவர்கள் அதிகம் பேசாத பகுதி ஒன்று இருக்கிறது. சோதனையின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ஸ்டெஃபான்ஸனுக்குக் கொழுப்பை நீக்கிய கறியை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று நாளிலேயே அவருக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு, அசதி. கொழுப்புள்ள கறியைக் கொடுத்ததும் சரியானது. அதன்பின் ஆண்டு முழுவதும் அவர்கள் பெற்ற ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்து வந்தது. புரதம் கால் பங்கைத் தாண்டவில்லை. ஈரல், சிறுநீரகம், மூளை, எலும்பு மஜ்ஜை எல்லாம் அவர்கள் தட்டில் இருந்தன.

கொழுப்பில்லாத கறி குமட்டியதன் காரணம் எளிது. புரதத்தை எரிக்கும்போது மிஞ்சும் நைட்ரஜனை ஈரல் யூரியாவாக மாற்றி வெளியே அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கு ஒரு வேக வரம்பு இருக்கிறது. நாளின் மொத்த ஆற்றலில் சுமார் 35 சதவீதத்துக்கு மேல் புரதத்திலிருந்தே எடுக்க முயன்றால் ஈரலால் ஈடுகொடுக்க முடிவதில்லை. குளிர் நாட்டு வேட்டைக்காரர்கள் இதை முயல்கறிப் பட்டினி என்பார்கள். முயலில் கொழுப்பு மிகக் குறைவு. அதை மட்டும் எவ்வளவு தின்றாலும் உடம்பு பட்டினி கிடக்கும்.

நம் ஊர்த் தட்டு

அமெரிக்கக் காணொளியில் வருவது கொழுப்பு கட்டியாகப் படிந்த மாட்டிறைச்சித் துண்டு. நம் கடைத்தெருவில் கிடைப்பது வேறு. பிராய்லர் கோழியைத் தோலை உரித்துத்தான் வெட்டிக் கொடுப்பார்கள். தோலோடு வேண்டுமென்றால் நாம் கேட்டு வாங்க வேண்டும். மேய்ந்து வளர்ந்த வெள்ளாட்டின் கறியும் கொழுப்புக் குறைந்ததுதான். ஜிம் பழக்கமோ இதையும் இன்னும் ஒரு படி வடிகட்டுகிறது: நெஞ்சுக்கறி மட்டும், முட்டையில் வெள்ளைக்கரு மட்டும்.

எழுபது கிலோ எடையுள்ள, வாரம் ஐந்து நாள் பளு தூக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,200 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் சாப்பிடுவது 700 கிராம் தோலில்லாத நெஞ்சுக்கறி, பத்து வெள்ளைக்கரு. சேர்த்துப் பார்த்தால் சுமார் 1,000 கலோரி, 195 கிராம் புரதம். மீதி 1,200 கலோரிக்கு அவர் என்ன செய்வார்? இன்னும் கோழி தின்ன வழியில்லை. ஏனென்றால் 195 கிராம் புரதம் என்பதே 2,200 கலோரியில் 35 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. மேற்கொண்டு தின்றால் குமட்டும், தின்னாவிட்டால் பட்டினி.

பத்துப் பன்னிரண்டு நாளில் இது வெளியே தெரியும். நெஞ்சுக்கறியைப் பார்த்தாலே ஓங்கரிக்கும். வயிறு நிறைந்தும் பசி அடங்காது, நடுராத்திரியில் எண்ணெய்ப் பலகாரம் தேடும். வயிற்றுப்போக்கு வரலாம். “மாஸ்டர், வழக்கமாத் தூக்குற வெயிட்டே கனக்குது” என்று பையன் சொன்னால், “அது ஆரம்பத்துல அப்படித்தாம்லே இருக்கும், போகப் போகச் சரியாயிரும்” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அந்தப் பதிலில் பாதி உண்மை. மாவுச்சத்தை நிறுத்தினால் இன்சுலின் இறங்கும், சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியே தள்ளும். முதல் இரண்டு வாரத்தில் தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் வந்து போகும். உணவில் சற்றுக் கூடுதல் உப்பும் தண்ணீரும் சேர்த்தால் அது நிற்கும். குமட்டலும் கறி வெறுப்பும் உப்பால் நிற்காது. அவை கொழுப்பில்லாத தட்டின் அறிகுறி. எது எது என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

முதல் வாரத்தில் எடை இரண்டு மூன்று கிலோ இறங்குவதையும் இங்கேயே புரிந்துகொள்ள வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரைந்தால் நீரும் போகும். அதைக் கொழுப்புக் குறைந்ததாக எண்ணி மகிழ்ந்தால், ஒரு கல்யாணச் சாப்பாட்டில் அத்தனை எடையும் திரும்பி வரும்போது மனம் உடையும். எட்டுப் பத்து முறை தூக்குகிற செட்டுகளுக்கு எரிபொருள் அந்தக் கிளைகோஜன்தான். எடை கனக்கத் தோன்றுவதன் காரணமும் அதுவே.

கொழுப்பைச் சேர்த்தால் சரியாகிவிடுமா?

விவரம் தெரிந்தவர் தட்டை மாற்றுவார். அதே இளைஞர் இப்போது ஆறு முழு முட்டை, எலும்பு நீக்கிய எடையில் அரைக் கிலோ தோலோடு கோழி, 80 கிராம் நெய் சாப்பிடுகிறார். மொத்தம் 2,200 கலோரிக்கு வந்துவிட்டது. புரதம் சுமார் 125 கிராம். பளு தூக்குகிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் போதும் என்பது ஆய்வுகளின் பொதுவான முடிவு. அவருக்கு 112 கிராம். தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. குமட்டல் போய்விடும், பசி அடங்கும், முகம் தெளியும்.

இந்த நிலையில் கார்னிவோர்காரர்கள் சொல்வதில் நியாயமான பகுதி இருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. புரதமும் கொழுப்பும் பசியை நன்றாக அடக்கும். ராத்திரி பரோட்டா, பாட்டில் குளிர்பானம், நாளைக்கு நாலு முறை சர்க்கரை போட்ட டீ, கூடவே முறுக்கு, மிக்சர் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டதால் தொப்பை இறங்கும், டிரைகிளிசரைடு குறையும், ரத்தச் சர்க்கரை சமனப்படும். பி12, இரும்பு, துத்தநாகம் இவற்றுக்குக் குறைவிருக்காது. வயிறு உப்புசத்தால் தவித்தவர்களில் சிலருக்கு, எந்த உணவு ஒத்துக்கொள்ளாமல் இருந்ததோ அது தட்டிலிருந்து விலகியதால் நிம்மதி கிடைக்கும். என் கணிப்பில் இந்த நன்மைகளில் பெரும்பகுதி பரோட்டாவையும் சர்க்கரையையும் விட்டதால் வந்தவை. முருங்கைக்கீரையை விட்டதால் வந்தது ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் தட்டின் குறைகளைக் கூட்டிப் பார்க்கலாம். சுண்ணாம்புச்சத்து சுமார் 200 மில்லிகிராம், வேண்டியது 1,000. பொட்டாசியம் ஏறத்தாழ 1,400, வேண்டியது 3,500. மெக்னீசியம் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. ஃபோலேட் பாதிக்கு மேல் கொஞ்சம். நார்ச்சத்து சுத்தமாக இல்லை. நிறை கொழுப்பு மட்டும் மொத்த ஆற்றலில் சுமார் 30 சதவீதம். பத்துக்குள் இருக்க வேண்டியது.

வைட்டமின் சி பற்றித்தான் அதிகம் வாதாடுவார்கள். சர்க்கரை குறைந்தால் வைட்டமின் சி தேவையும் குறையும், ஏனென்றால் இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் செல்லுக்குள் போகின்றன என்பது அவர்கள் சொல்லும் காரணம். நம்பத்தகுந்த யோசனைதான். எவ்வளவு குறையும் என்று மனிதர்களிடம் யாரும் அளந்து காட்டியதில்லை. ஸ்கர்வியைத் தடுக்க நாளுக்கு 10 மில்லிகிராம் போதும், அது லேசாக வேகவைத்த புதுக்கறியிலும் ஈரலிலும் கிடைத்துவிடும். இன்யூட் மக்கள் திமிங்கிலத் தோலைப் பச்சையாகவே தின்பார்கள், அதில் இது தாராளமாக உண்டு. நாம் கோழியைக் குக்கரில் விசில் விட்டோ சுண்ட வறுத்தோ சாப்பிடுகிறோம். அரைக் கிலோ பச்சைக் கோழியில் இருப்பதே எட்டு மில்லிகிராம் அளவுதான்; வெந்த பிறகு இன்னும் குறையும். முட்டையில் இல்லவே இல்லை.

இந்தக் குறை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் உடம்பில் எழுதிக் காட்டும். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், காலில் முடிக்காம்பைச் சுற்றிச் சிவப்புப் புள்ளி, சுருண்டு முறுக்கிய முடி, காரணமில்லாத கன்றல், மூட்டு வலி, சோர்வு. ஜிம்முக்குப் போகிறவர் கன்றலைக் கம்பி பட்டது என்பார், மூட்டு வலியை ஸ்குவாட் போட்டது என்பார். அதனால்தான் இவர்களிடம் இது கண்ணில் படாமல் தப்புகிறது. பட்ட நினைவே இல்லாத இடத்தில் கன்றல் இருந்தால் ஈறையும் பாருங்கள்.

இதற்குத் தீர்வு வாசலிலேயே விளைகிறது. வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரம் எலுமிச்சைக்குப் பேர்போனது. நாளுக்கு இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறு அந்த 10 மில்லிகிராமைத் தாராளமாகத் தாண்டும். ஒரு கொய்யா நாள் முழுத் தேவையையும் தீர்க்கும். ஈரலும் உதவும், ஆனால் அதை வாரம் ஒருமுறை 100 கிராமோடு நிறுத்துங்கள். ஆட்டு ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். தினமும் தின்றால் அதுவே நஞ்சாகச் சேர்ந்து தலைவலி, தோல் உரிதல், எலும்பு வலி என்று வேறு தொல்லை தொடங்கும்.

ஆண்டுக்கணக்கில் போனால்

ஐந்து, பத்து ஆண்டு இதை மட்டும் சாப்பிட்டவர்களைக் கட்டுப்பாட்டோடு பின்தொடர்ந்த ஆய்வு கிடையாது. 2021-இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், குறைந்தது ஆறு மாதம் இப்படிச் சாப்பிட்ட 2,029 பேர் தங்கள் நிலையைத் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒத்துவராமல் இடையில் விட்டவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை என்பதை மறக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை முடிவு தந்தவர்களிடம் டிரைகிளிசரைடு அழகாகக் குறைவாக இருந்தது. எல்.டி.எல். நடு அளவு 172. சாதாரண ஆளுக்கு அது 100-க்குள் இருக்க வேண்டும்.

இந்த எல்.டி.எல். விஷயம்தான் ஜிம்காரர்களுக்குத் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. மாவுச்சத்தை அடியோடு விடும்போது, குண்டானவர்களைவிட ஒல்லியாக, நல்ல தசையோடு இருப்பவர்களுக்குத்தான் எல்.டி.எல். அதிகமாக எகிறுகிறது. 200, 300 என்றுகூடப் போகும். வெளியே ஒன்றும் தெரியாது. வயிற்றில் கட்டு தெரியும், மூச்சு வாங்காது, ரத்தக் குழாயில் மட்டும் படிந்துகொண்டே இருக்கும். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்று 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ ஐம்பத்தைந்து வயதுக்குள் மாரடைப்பு வந்த குடும்பமென்றால் இந்த உணவு முறை உங்களுக்கு வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்தது கல்லடைப்பு. கறி கூடினால் சிறுநீர் அமிலமாகும், யூரிக் அமிலமும் சுண்ணாம்பும் கூடும், கல் சேராமல் காக்கும் சிட்ரேட் குறையும். வெயிலில் வயல்வேலையோ கட்டட வேலையோ செய்துவிட்டு மாலையில் ஜிம்முக்கு வருபவரின் சிறுநீர் ஏற்கெனவே அடர்ந்திருக்கும். எலுமிச்சைச் சாறு இங்கும் கைகொடுக்கும், ஏனென்றால் அது சிட்ரேட்டைக் கூட்டுகிறது. சர்க்கரையும் உப்பும் போடாமல், சிறுநீர் வெளிறிப் போகும் அளவு தண்ணீரோடு குடிக்க வேண்டும். முன்பு கல் வந்தவர்களும் கால் கட்டைவிரல் வீங்கிக் கீல்வாதம் வந்தவர்களும் இதில் இறங்க வேண்டாம்.

பெருங்குடல் புற்றுநோய் பற்றி ஒரு வரி. 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், ஆடு மாடு போன்ற சிவப்பிறைச்சியை அப்படி இருக்க வாய்ப்புள்ளது என்றும் வகைப்படுத்தியது. கோழியும் மீனும் அந்தப் பட்டியலில் இல்லை.

உடற்கட்டைக் காட்டி இந்த உணவை விற்பவர்களைப் பற்றியும் இரண்டு செய்தி. பச்சை ஈரலைத் தின்றே தன் உடம்பு வந்தது என்று சொல்லிவந்த ‘லிவர் கிங்’ பிரையன் ஜான்ஸன், 2022 டிசம்பரில் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டார். கார்னிவோரின் முன்னணிக் குரலாக இருந்த மருத்துவர் பால் சலடினோ தூக்கக் கேடு, படபடப்பு என்று சொல்லிப் பழமும் தேனும் சேர்த்துக்கொண்டார்.

அதே புரதம், வேறு தட்டு

நம் இளைஞருக்கு நான் எழுதித் தருவது இது. நாலு முழு முட்டை. 300 கிராம் தோலில்லாத கோழி. வாரம் மூன்று நாள் அதற்குப் பதில் மத்தி மீன். 400 கிராம் தயிர். 60 கிராம் வறுத்த நிலக்கடலை. ஒரு பிடி அளவல்ல, நன்றாக 100 கிராம் முருங்கைக்கீரை. ஒரு கொய்யா. சமையலுக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ. 150 கிராம் அரிசியை வடித்த சோறு, அதில் பாதியைப் பயிற்சிக்கு முந்தைய வேளையில். கலோரி மீண்டும் 2,200-க்குப் பக்கத்தில். புரதமும் முன்போலவே 125 கிராமுக்குக் குறையாது. சுண்ணாம்பு 900-ஐ ஒட்டி வந்துவிடும். செலவும் குறையும். நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிடுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு இன்னும் கூடும், ஆனால் உப்பை நன்றாகக் கழுவ வேண்டும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் கறி மட்டும் சாப்பிட்டுப் பார்க்கத்தான் போகிறேன் என்பவர் எட்டு வாரத்தோடு நிறுத்துவதென்று முடிவெடுத்துத் தொடங்கட்டும். தொடங்குமுன் வெறும் வயிற்றில் கொழுப்பு விவரம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, கிரியாட்டினின், யூரிக் அமிலம், சிறுநீரில் அல்புமின், ஈரல் பரிசோதனை எடுக்க வேண்டும். லிப்போபுரோட்டீன்-ஏ என்ற பரிசோதனையை ஆயுளில் ஒருமுறை எடுத்தால் போதும். அது கூடுதலாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். எடுப்பதற்கு முந்தைய ஒரு வாரம் கனமான பயிற்சியை நிறுத்துங்கள். கால் பயிற்சி போட்ட மறுநாள் ரத்தம் கொடுத்தால் தசையிலிருந்து கசிந்த நொதியால் எஸ்.ஜி.ஓ.டி. எகிறி, ஈரலில் கோளாறு என்ற வீண் பயம் வரும். முந்தைய இரவு நிறையக் கறி தின்றாலோ கிரியேட்டின் பவுடர் எடுத்துக்கொண்டிருந்தாலோ கிரியாட்டினினும் கூடிக் காட்டும்; அப்போது சிஸ்டாட்டின்-சி பரிசோதனை உண்மையைச் சொல்லும்.

எட்டாம் வாரம் மீண்டும் கொழுப்பு விவரம் பாருங்கள். எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது எல்.டி.எல். தற்காலிகமாகக் கூடும், ஆகவே எடை இரண்டு வாரம் நிலையாக நின்ற பிறகு எடுப்பது நல்லது. 160-ஐத் தாண்டியிருந்தால் நெய்யையும் தோலையும் குறைத்து, சோறும் பழமும் கொஞ்சம் சேருங்கள். ஒல்லியானவர்களுக்கு அதிலேயே பெரும்பாலும் இறங்கிவிடும். 190-ஐத் தாண்டினால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட இதைத் தொடங்கக் கூடாது. கிளைமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு மாவுச்சத்தை நிறுத்தினால் சர்க்கரை திடீரென்று விழும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து: சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடலாம். வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு வந்தால் குளுக்கோமீட்டர் 150 காட்டுகிறதே என்று வீட்டில் இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், எந்த மாத்திரை எடுக்கிறீர்கள், எத்தனை நாளாகச் சோறு சாப்பிடவில்லை என்ற இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.